பதினோரு ஓடும் ஒரு சாக்பீஸ் கோடும்

ஐந்தே வரி விளம்பரம் அது. ஒவ்வொரு வரியும் ஒரு வாடிக்கையாளர் தன் வாயால் சொன்னது. அந்தச் செய்திகள் இன்னமும் என் கைபேசியில் இருக்கின்றன. நானாக ஒரு சொல்லையும் சேர்க்கவில்லை. ஆனாலும் அந்த ஐந்து வரிகள் ஒன்றாக நின்றபோது அது பொய்யாகிவிட்டது. எந்த இடத்தில் பொய்யானது என்று விரல் வைத்துக் காட்ட எனக்கே சில நாட்கள் பிடித்தன. வாடிக்கையாளர் கருத்துகளைச் சேர்த்து விளம்பரம் எழுதும் வேலை எப்போது வந்தாலும் அந்த அட்டைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அதனால் அதை முழுசாக எழுதிவிடுகிறேன்.

சின்னத் தொழில் செய்கிறவர்களுக்கு விளம்பரம் எழுதித் தருவது என் வேலை. அந்த அட்டையை எழுதித் தரக் கேட்ட அண்ணன் ஒரு பிளம்பர். அதிலும் நீர்க்கசிவு பார்ப்பதுதான் அவருடைய முக்கியமான வேலை. அவரும் ஓர் உதவியாளரும், அவ்வளவுதான் ஆட்கள். வேலை முடிந்த வீடுகளிலிருந்து வந்த நன்றிச் செய்திகளை அழிக்காமல் வைத்திருந்தார். எழுத்துச் செய்திகள், குரல் பதிவுகள், காகிதத்தில் எழுதிக் கொடுத்த இரண்டு துண்டுகள் என மொத்தம் 23. எல்லாவற்றையும் எனக்கு அனுப்பிவிட்டு, “இதையெல்லாம் சேர்த்து ஒண்ணு போட்டுக் குடு தம்பி, ஒரு கை அகலத்துக்கு இருந்தா போதும்” என்றார். கை அகல அட்டையில் தலைப்பும் தொலைபேசி எண்ணும் போக நாற்பது சொற்களுக்குத்தான் இடம் இருக்கும். அதற்கு மேல் போனால் எழுத்து சிறுத்துவிடும், யாரும் படிக்க மாட்டார்கள்.

இருபத்து மூன்றையும் படித்து, பிடித்த வரிகளை எடுத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டினேன். கிடைத்தது இதுதான்:

“எங்கள் குளியலறைச் சுவரில் இரண்டு வருடமாக ஈரம். கூப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வந்தார்கள். ஒரு ஓடுகூட உடைக்கவில்லை. சொன்ன தொகைக்கு மேல் வாங்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு சொட்டு ஈரம் இல்லை.” – ஒரு வாடிக்கையாளர்

படித்துப் பார்த்தபோது எனக்கே பிடித்திருந்தது. நான்கு பேரின் வரிகளைத் தனித்தனியாகப் போட்டால் கிழித்து ஒட்டிய காகிதம் மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். ஒரே ஆள் பேசுவது போல வைத்தால் கதையாகிறது. தொல்லை வருகிறது, ஆள் வருகிறார், தொல்லை தீர்கிறது. அண்ணனுக்கும் பிடித்தது. அச்சடித்துக் கொடுத்தார்கள். வேலை முடிந்த வீடுகளிலும் அக்கம்பக்கத்திலும் அட்டை போய்ச் சேர்ந்தது.

டீச்சரின் போன்

பத்து நாள் கழித்து அண்ணன் கூப்பிட்டு, “டீச்சர் உன்கிட்ட பேசணும்னு சொல்றாங்க” என்று எண்ணைக் கொடுத்தார். அவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. அந்தக் குளியலறைச் சுவர் அவர் வீட்டுச் சுவர்தான். திட்டுவதற்காக அவர் பேசவில்லை. நிதானமாகத்தான் கேட்டார்.

“தம்பி, இதுல முதல் வரி நான் சொன்னது. கடைசி வரியும் நான் சொன்னது. நடுவுல இருக்கிறது யாரு?”

வேறு வாடிக்கையாளர்கள் சொன்னது டீச்சர், எல்லாம் உண்மைதான் என்றேன்.

“இருக்கலாம். ஆனா என் வீட்டுல பதினோரு ஓடு உடைச்சாங்க. ரெண்டு நாள் வேலை. உடைச்சது தப்புன்னு நான் சொல்லல, உடைக்காம அந்த வேலையைச் செய்ய முடியாது. என் சுவரைச் சொல்லிட்டு, ஓடு உடைக்கலன்னு போட்டா எப்படி? பக்கத்து வீட்டு அம்மா என் வீட்டுல உடைச்சதைப் பார்த்தவங்க. அட்டையைக் கொண்டுவந்து காட்டி, இது யாரு டீச்சர்னு கேக்கறாங்க.”

என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். வைப்பதற்கு முன் அவர் இன்னொன்றும் சொன்னார்: “நான் எழுதிக் குடுத்த காகிதத்துல முக்கியமா ஒண்ணு எழுதியிருந்தேனே. அதை விட்டுட்டீங்க.” எது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டு அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்தேன். கோடு போட்ட தாள், நீல மை, வரி சாயாத கையெழுத்து. நடுவில் இப்படி இருந்தது: “எந்த ஓடுகளை எடுக்க வேண்டும் என்று முதலில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார். ஏன் அந்த இடம் என்றும் சொன்னார். அதன் பிறகுதான் உளியை எடுத்தார்.” விளம்பரத்துக்கு நீளம் என்று அதைத் தாண்டிப் போயிருந்தேன்.

அன்று இரவு மற்ற மூன்று வரிகளும் எங்கிருந்து வந்தன என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் வந்தார்கள் என்றவர் வீட்டில் குழாய் வெடித்துத் தண்ணீர் கூடத்துக்கு வந்துவிட்டது. அது அவசரம். அவர் வீடும் அண்ணன் இருக்கும் இடத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான். ஓடு உடைக்கவில்லை என்றவருக்குக் கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியின் உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்பான் தேய்ந்திருந்தது. மூடியைத் திறந்து மாற்றுகிற வேலை, ஓட்டுக்கு அங்கே வேலையே இல்லை. சொன்ன தொகைக்கு மேல் வாங்கவில்லை என்றவருக்கு இரண்டு குழாய்த் திருகுகளை மாற்றிக் கொடுத்திருந்தார். அந்த வேலைக்கு எவரும் தொகையைச் சரியாகச் சொல்லிவிடலாம். மூடிக் கிடக்கும் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாத வேலைக்கு அப்படிச் சொல்ல முடியாது.

நான்கு வேலைகள், நான்கு விதமான சிக்கல். நான் செய்தது என்ன? மிகக் கடினமான வேலையின் தொல்லையை எடுத்து, மிக எளிதான வேலைகளின் சௌகரியங்களை அதன் மேல் ஏற்றிவிட்டேன். இரண்டு வருட ஈரச் சுவரை ஒரு மணி நேரத்தில் வந்து, ஓடு உடைக்காமல், முதலில் சொன்ன தொகைக்கே முடித்துத் தர உலகத்தில் எந்தப் பிளம்பராலும் முடியாது. அப்படி ஒரு வேலை நடக்கவில்லை. அப்படிச் சொன்ன வாடிக்கையாளரும் கிடையாது.

சோப்புக்கு இது இவ்வளவு சிக்கலாகாது. ஒருவர் வாங்கிய சோப்பும் இன்னொருவர் வாங்கிய சோப்பும் ஒன்றுதான். ஒருவர் மணத்தைச் சொல்லி, இன்னொருவர் நுரையைச் சொன்னால் இரண்டும் ஒரே சோப்பின் குணங்கள். சேவைத் தொழிலில் ஒவ்வொரு வேலையும் வேறு பொருள் மாதிரி. வீடு வேறு, சிக்கல் வேறு, எடுக்கும் நேரம் வேறு. அதனால் ஒரு வேலையின் நல்ல குணத்தைக் கழற்றி இன்னொரு வேலையில் மாட்டினால், இரண்டையும் பற்றித் தப்பாகச் சொன்னதாகிவிடும்.

சேதம் அதற்குள் நடந்துவிட்டது என்பதை அண்ணனிடம் பேசியபோதுதான் தெரிந்துகொண்டேன். அட்டை போனதும் அழைப்புகள் கூடின. அது அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி கேட்டார்கள்: “ஒரு மணி நேரத்துல வந்துடுவீங்கல்ல? உடைக்காம முடிச்சிடுவீங்கல்ல?” ஒருவர் வீட்டில் தரைக்கு அடியில் கழிவுக் குழாய் கசிந்தது. தரையைத் திறக்க வேண்டும் என்றதும் அவர் அட்டையை எடுத்து நீட்டியிருக்கிறார். அரை நாள் விளக்கம் சொல்லியும் அந்த வேலை கிடைக்கவில்லை. விளம்பரம் தப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியாது. தொழில்காரர் முதல் பத்து நிமிடத்தையும் “அது அப்படி இல்லைங்க” என்று சொல்வதிலேயே கழிக்கிறார் என்றால், சிக்கல் அட்டையில்தான் இருக்கிறது.

மேற்கோள் குறி என்ன சொல்கிறது

அதற்குப் பிறகு இதைப் பற்றி விதிகள் என்ன சொல்கின்றன என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் நுகர்வோர் ஏமாறாமல் பார்க்கும் அரசு ஆணையமான பெடரல் டிரேட் கமிஷன் வைத்திருக்கும் வழிகாட்டுதல் நான் நினைத்ததைவிட நடைமுறைக்கு ஒத்துவருவதாக இருந்தது. வாடிக்கையாளரின் சொற்களை அப்படியே போட வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் இவை அவருடைய சொற்களே என்று விளம்பரம் காட்டிக்கொண்டால் அப்படியே இருக்க வேண்டும். எப்படிப் போட்டாலும், இடம் மாற்றியோ சொல் மாற்றியோ அவருடைய கருத்தையோ அனுபவத்தையோ திரிக்கக் கூடாது. என் தப்பு இதில் அச்சாக இருந்தது. சொற்களை நான் மாற்றவில்லை. இடத்தை மாற்றினேன். 2024இல் அதே ஆணையம் கொண்டுவந்த விதி, இல்லாத ஒருவர் சொன்னதாக வரும் வாடிக்கையாளர் கருத்துகளைத் தடை செய்கிறது. நான்கு பேரைக் கலந்து ‘ஒரு வாடிக்கையாளர்’ என்று போட்டால் அவரும் இல்லாத ஒருவர்தானே என்று அதைப் படிக்கும்போது தோன்றியது. பிரிட்டனின் விளம்பர நெறிகள் இன்னொன்று சொல்கின்றன: கருத்து உண்மையானது என்பதற்கு எழுத்து ஆதாரமும், சொன்னவரைத் தொடர்புகொள்ளும் விவரமும் விளம்பரம் செய்பவரிடம் இருக்க வேண்டும். அந்த நாடுகளில் தொழில் செய்யாவிட்டாலும் இந்தக் கடைசி விஷயத்தை நான் பிடித்துக்கொண்டேன். யார் சொன்னது என்று திரும்பிப் போய்க் கேட்க முடியாத வரியை இப்போது நான் எடுப்பதே இல்லை.

தமிழில் இதற்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குரல் பதிவில் வருவது பேச்சுத் தமிழ். அதை அட்டைக்கு எடுக்கும்போது கை தானாக எழுத்துத் தமிழுக்குப் போய்விடுகிறது. “ரெண்டாவது தடவை வந்தாங்க, அதுக்குத் தனியா ஒண்ணும் கேக்கல” என்பது “இரண்டாம் முறை வருகைக்குத் தனிக் கட்டணம் பெறவில்லை” என்று ஆகிறது. பொருள் மாறவில்லை, ஆனால் ஆள் காணாமல் போய்விட்டார். இப்படி எல்லோரையும் ஒரே நடைக்கு மாற்றிவிட்டதால்தான் நான்கு பேரை ஒரே ஆளாக ஒட்டுவது எனக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. அவரவர் பேச்சை அப்படியே விட்டிருந்தால், டீச்சரின் எழுத்து நடையும் குழாய் வெடித்தவரின் படபடப்பும் ஒட்டவே ஒட்டாது, நானே நின்றிருப்பேன். இப்போது நான் வைத்திருக்கும் வழக்கம் இது: மேற்கோள் குறிக்குள் வருவது அவர் பேசியபடி, பேச்சென்றால் பேச்சு, எழுத்தென்றால் எழுத்து. நான் சுருக்கிச் சொல்வதானால் மேற்கோள் குறி கிடையாது, ‘என்கிறார்’ என்று வெளியில் வைத்துச் சொல்கிறேன்.

மறுபடியும் இருபத்து மூன்று

அண்ணனிடம் மிச்ச அட்டைகளை நிறுத்தச் சொல்லிவிட்டு, மறுபடியும் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். இந்த முறை நல்ல வரியைத் தேடவில்லை. ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டேன்: யார், என்ன வேலை, கூப்பிடும் முன் எதற்குப் பயந்தார், என்ன நடந்தது என்று அவர் வாயால் சொன்னது. 23இல் 14 செய்திகளுக்குக் கடைசி இரண்டு கட்டங்களில் எழுத ஒன்றுமே இல்லை. “சூப்பர் சர்வீஸ்”, “ரொம்ப நன்றி”, “நல்ல மனிதர்” என்ற மாதிரிச் செய்திகள். அண்ணனுக்கு அவை மகிழ்ச்சி தரலாம். ஆனால் எந்தத் தொழிலுக்கும் பொருந்தும் வாக்கியம் இந்தத் தொழிலைப் பற்றி எதையும் சொல்லாது. ஒதுக்கி வைத்தேன். மிச்சம் ஒன்பது.

அந்த ஒன்பதையும் கட்டத்தில் நிரப்பியபோது ஒரு விஷயம் துருத்திக்கொண்டு நின்றது. ஒன்பதில் ஐந்து பேர், யாரும் கேட்காமலே, ஒரே வினைச்சொல்லைச் சொல்லியிருந்தார்கள்: காட்டினார். டீச்சருக்குச் சாக்பீஸ் கோடு. இன்னொருவர் குரல் பதிவில், எல்லாக் குழாயையும் மூடச் சொல்லிவிட்டுத் தன்னைத் தண்ணீர் மீட்டர் பக்கத்தில் கூட்டிப்போய், உள்ளே இருக்கும் சின்னச் சக்கரம் நகர்கிறதா என்று பார்க்கச் சொன்னதை வியந்து சொல்கிறார். சக்கரம் நகர்ந்தால் தண்ணீர் வரும் குழாயில் எங்கோ கசிவு. நின்றிருந்தால் பெரும்பாலும் கழிவு நீர்ப் பக்கமோ ஓட்டு இடுக்கோ. கழிப்பறைத் தொட்டி அம்மாவுக்குத் தொட்டியில் கலர் ஊற்றி, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் காத்திருந்து, கீழே கோப்பையில் கலர் இறங்கியதைக் காட்டியிருக்கிறார். ரப்பர் தேய்ந்ததற்கு அதுதான் அடையாளம்.

அண்ணனிடம் கேட்டேன், இதை ஏன் நீங்கள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை? “அதுல என்ன இருக்கு தம்பி, பாக்காம எப்படி உடைக்கறது” என்றார். அவருக்கு அது வேலையின் முதல் படி, சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. வீட்டுக்காரருக்கு அதுதான் எல்லாமே. மூன்றாவது கட்டத்தில், கூப்பிடும் முன் எதற்குப் பயந்தார்கள் என்ற இடத்தில், பல பேர் சொன்னது ஒன்றுதான்: வந்து கண்டபடி உடைத்துவிடுவார்களோ. உடைப்பதற்கு அவர்கள் பயப்படவில்லை. தேவையில்லாமல், தப்பான இடத்தில் உடைப்பதற்குத்தான் பயந்தார்கள்.

பல வாடிக்கையாளர் கருத்துகளை ஒரு விளம்பரமாகச் சேர்ப்பதில் நியாயமான வேலை என்று நான் இப்போது நினைப்பது இதைத்தான். ஒன்றோடு ஒன்று சேர வேண்டியவை அவர்களுடைய சௌகரியங்கள் அல்ல. வேறு வேறு வேலைகளில் மாறாமல் வந்த ஒரு விஷயத்தை எடுக்க வேண்டும். ஒரு மணி நேரம் என்பது ஒரு வேலையில் மட்டும் நடந்தது. உடைக்காதது ஒரு வேலையில் மட்டும். காட்டிவிட்டுத் தொடங்கியது ஐந்து வேலைகளில், ஐந்து விதமாக நடந்தது. அது அண்ணனின் வழக்கம். நாளைக்குக் கூப்பிடுகிறவருக்கும் அது நடக்கும் என்று நம்பிச் சொல்லலாம். நூலாக அந்த ஒன்றை வைத்துக்கொண்டு, அதில் கோக்கும் ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் அது என்ன வேலை என்று போட்டுவிட்டால், எந்தச் சௌகரியமும் வேறு வேலைக்குத் தாவாது. ஒட்டிய இடம் வெளியே தெரியும். தெரியட்டும். அதை மறைக்கப் போய்த்தான் முதல் அட்டை கெட்டது.

வெட்டுவதிலும் ஒரு சங்கடம் வந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியின் கழிவுக் குழாய் சரி செய்த வீட்டுக்காரர் இப்படி அனுப்பியிருந்தார்: “முதல் தடவை சரியாகல, மறுபடியும் ஒழுகுச்சு. ரெண்டாவது தடவை வந்து கழட்டி எங்க இடைவெளின்னு காட்டி மாட்டினாங்க. அதுக்குத் தனியா ஒண்ணும் கேக்கல. நல்ல மனுஷங்க.” அண்ணன் முதல் வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தால் இடம் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் அதை எடுத்துவிட்டால் ‘தனியா ஒண்ணும் கேக்கல’ என்பதற்கு அர்த்தமே இல்லை. எதற்குக் கேட்கவில்லை? படிப்பவர் ஏதோ இலவசம் என்று நினைப்பார். நான் வெட்டும்போது என்னையே கேட்டுக்கொள்வது இதுதான்: வெட்டிய துண்டைப் படிப்பவரிடம் இப்போது காட்டினால், ‘ஓ, இதைச் சொல்லவில்லையே’ என்பாரா? ஆம் என்றால் அந்தத் துண்டு உள்ளே இருக்க வேண்டும், அல்லது மொத்த வரியும் வெளியே போக வேண்டும். ‘நல்ல மனுஷங்க’வை வெட்டினேன். யாரும் எதையும் இழக்கவில்லை. ஒழுகியதை வெட்டவில்லை.

அப்புறம், வாடிக்கையாளர் சொன்னதையும் தொழில்காரர் சொல்வதையும் பிரித்தேன். வாடிக்கையாளருக்கு இறந்த காலம்தான் சொந்தம்: வந்தாங்க, காட்டினாங்க. ‘வருவோம், காட்டுவோம்’ என்பது அண்ணன் தர வேண்டிய வாக்கு. அதை வாடிக்கையாளர் வாயில் வைத்தால் யார் பொறுப்பு என்று தெரியாது. எனவே கடைசியில் அண்ணன் பெயரில் ஒரே ஒரு வரி. முதலில் நான் “கசிவை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே உடைப்போம்” என்று எழுதினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தரைக்குள்ளும் சுவருக்குள்ளும் போகும் குழாயில் கசிகிற இடத்தை உடைக்கும் முன் கண்ணால் பார்க்க முடியாத வேலைகள் உண்டு. இந்த இடத்துக்குள்தான் இருக்கும் என்று ஒடுக்கிச் சொல்லத்தான் முடியும். டீச்சர் வீட்டிலும் அதுதான் நடந்தது. மீட்டர் சக்கரம் அசையவில்லை, மூலையில் தண்ணீர் ஊற்றிவிட்டால் மட்டும் ஈரம் ஏறியது, எனவே கழிவுக் குழாய் போகும் வழியை ஒட்டிக் கோடு போட்டார். கசிவைக் காட்டவில்லை, இடத்தையும் காரணத்தையும் காட்டினார். வரியை மாற்றினோம்.

திருப்பிப் படித்துக் காட்டியது

நன்றி சொல்லி அனுப்பிய செய்தி, விளம்பரத்தில் போட அனுமதி ஆகாது. முதல் முறை நான் யாரையும் கேட்கவே இல்லை. இந்த முறை, அட்டையில் இடம்பெறும் மூன்று பேரையும் கூப்பிட்டு, தங்கள் வரியை மட்டும் அல்ல, முழு அட்டையையும் படித்துக் காட்டினேன். பக்கத்தில் என்ன நிற்கிறது என்று தெரிந்தால்தான் தன் வரி என்ன அர்த்தம் தருகிறது என்று ஒருவரால் சொல்ல முடியும். தொட்டி அம்மா தன் பெயர் வேண்டாம், வேலையை மட்டும் போட்டால் போதும் என்றார். கழிவுக் குழாய்க்காரர் தன் வரியை இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சரி என்றார். குழாய் வெடித்தவரையும் கூப்பிட்டேன், அவர் வரி அட்டையில் இல்லாவிட்டாலும் முதல் அட்டைக்காக ஒரு வார்த்தை சொல்ல. “என் வீடு பக்கத்துல இருக்குங்க, அதான் சீக்கிரம் வந்தாங்க. அதை வச்சு எல்லாருக்கும் ஒரு மணி நேரம்னு சொல்லாதீங்க” என்றார். கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

டீச்சரின் காகித வரி நீளமாக இருந்தது. சுருக்கட்டுமா என்று கேட்டதற்கு, அவரே போனில் சொல்லிக்கொடுத்தார். எழுதிக்கொண்டு திருப்பிப் படித்தேன். “பத்துன்னு போட்டுட்டீங்களா? பதினொண்ணு தம்பி” என்று திருத்தினார். அட்டை கடைசியில் இப்படி ஆனது:

உடைக்கும் முன் காட்டுவோம்

“பதினோரு ஓடு எடுத்தாங்க. எந்தப் பதினொண்ணு, ஏன்னு முதல்ல சாக்பீஸ்ல கோடு போட்டுக் காட்டினாங்க.” – குளியலறைச் சுவரில் ஈரம்

“தொட்டியில கலர் ஊத்திக் காட்டினார். உடைக்கவே வேண்டியிருக்கல.” – கழிப்பறைத் தொட்டிக் கசிவு

“முதல் தடவை சரியாகல, மறுபடியும் ஒழுகுச்சு. ரெண்டாவது தடவை வந்து கழட்டி எங்க இடைவெளின்னு காட்டி மாட்டினாங்க. அதுக்குத் தனியா ஒண்ணும் கேக்கல.” – கழிவுக் குழாய்

எங்கே, ஏன் உடைக்கிறோம் என்று காட்டிவிட்டுத்தான் உளியை எடுப்போம்.

நாற்பது சொல்லைக் கொஞ்சம் தாண்டிவிட்டது. எழுத்தைச் சிறிதாக்காமல் அண்ணனின் படத்தை எடுத்துவிட்டேன். வரிசையையும் யோசித்துத்தான் வைத்தேன். தொட்டி வரி முதலில் வந்தால், ‘உடைக்க வேண்டியிருக்கல’ என்பது மட்டும் மனதில் தங்கி மறுபடியும் பழைய சிக்கலே வரும். பதினோரு ஓட்டைப் படித்துவிட்டு வருகிறவருக்கு அது சில வேலைகளில் மட்டும் நடப்பது என்று தானாகப் புரியும்.

அண்ணனுக்கு அட்டை பிடிக்கவில்லை. வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “பதினோரு ஓடு எடுத்தாங்கன்னு எவனாவது விளம்பரம் குடுப்பானா? முதல் தடவை சரியாகலன்னு வேற போட்டிருக்க” என்றார். அவர் பயம் எனக்குப் புரிந்தது. முகம் தெரியாத ஆட்களுக்கு முன்னால் நிற்கப் போவது நான் இல்லை, அவர். முதலில் ஐம்பது மட்டும் அடிப்போம், பழைய அட்டை போன தெருக்களிலேயே கொடுப்போம், கூப்பிடுகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று எழுதிவையுங்கள், பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம் என்றேன். அரை மனதாகத் தலையாட்டினார்.

அழைப்புகள் முந்தைய அட்டைக்கு வந்த அளவு வரவில்லை. அதை அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். நான்காவது நாள் கூப்பிட்டபோது குரலில் வேறு ஏதோ இருந்தது. ஒருவர் போன் செய்து, எப்போது வருவீர்கள், எவ்வளவு ஆகும் என்றெல்லாம் கேட்கும் முன்னால், “எங்க வீட்டுல எத்தனை ஓடு எடுக்க வேண்டியிருக்கும்?” என்று கேட்டாராம்.

“நீங்க என்ன சொன்னீங்க அண்ணே?”

“வந்து கோடு போட்டுட்டுச் சொல்றேன்னு சொன்னேன். சரி, வாங்கன்னுட்டார்.”